பயோடேட்டா வந்தாச்சு, நம்பரும் வந்தாச்சு: இனி என்ன பேசுவது?

ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு வீட்டிலும் போட்டோ பார்த்துவிட்டார்கள், "சரி, பசங்க ஒரு தடவை பேசிக்கட்டும்" என்று நம்பரையும் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு பக்க பயோடேட்டா. பெயர், ராசி, நட்சத்திரம், உயரம், படிப்பு, வேலை, சம்பளம், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர். அவர் கையிலும் உங்களைப் பற்றி அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் வீட்டில் பதில் கேட்பார்கள், முகூர்த்த மாசம் நெருங்கினால் அதற்கும் முன்னாலேயே கேட்பார்கள்.

நான் இப்படி ஐந்து பேருடன் பேசியிருக்கிறேன், ஐந்தாவது ஆளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அதற்கப்புறம் சித்தி மகள், மாமா பையன், கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் என்று பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். "உங்களுக்கு என்ன பிடிக்கும், எப்படிப்பட்ட பார்ட்னர் வேணும்" என்று கேட்பார்கள், "நான் ரொம்ப சிம்பிள், ஃபேமிலிதான் முக்கியம்" என்று பதில் வரும், ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு ஒன்றுமே தெரிந்திருக்காது. பிடித்ததைக் கேட்டால் எல்லாரும் நல்லதாகத்தான் சொல்வார்கள், நாமும் அப்படித்தானே சொல்கிறோம். நேற்று என்ன நடந்தது, போன தடவை என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆள் எப்படி வாழ்கிறார் என்று தெரியும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

போன் செய்வதற்கு முன்னால்

பயோடேட்டாவை ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அந்த வாழ்க்கையில் உங்களைத் தொடப்போகும் மூன்று வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வேலையும் ஊரும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது, பணம் ஆகிய மூன்றாகத்தான் இருக்கும்.

என் சித்தி மகளுக்கு வந்த வரனையே எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே பார்க்கலாம். அவள் எம்.எஸ்சி., பி.எட்., திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர், சொந்த ஊர் நாமக்கல் பக்கம். பயோடேட்டாவில் இருந்தது: "ஆண்டு வருமானம் 9.6 லட்சம். சொந்த வீடு. தந்தை ஓய்வு பெற்றவர், தாய் இல்லத்தரசி, ஒரு தங்கை, திருமணம் ஆகவில்லை." வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. அவள் மட்டும் மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். இன்ஜினியர் என்றால் ஷிப்ட் உண்டா, சொந்த வீடு என்றால் கடன் இருக்கிறதா, தங்கை கல்யாணம் யார் பொறுப்பு.

இன்னொன்று, வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போனை வைத்த அடுத்த நிமிடம் "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்று வந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் முடிவாகிவிடும். "மூணு தடவை பேசுவேன், ஒரு தடவை நேர்ல பார்ப்பேன், அப்புறம்தான் சொல்லுவேன், அதுக்கு நடுவுல கேக்காதீங்க" என்று நாளையும் குறித்துச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் கேட்டால் கொடுப்பார்கள்.

முதல் மெசேஜ்

வெறும் "ஹாய்" வேண்டாம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது யார் என்றே தெரியாது. திடீரென்று போன் செய்வதும் வேண்டாம், ஆபீசில் மேனேஜர் பக்கத்தில் நிற்கலாம், பஸ்ஸில் இருக்கலாம். நான் அனுப்பச் சொல்வது இப்படித்தான்:

"வணக்கம், நான் திருச்சியிலிருந்து (பெயர்). அப்பா உங்க நம்பர் கொடுத்தாங்க. பேச உங்களுக்கு எந்த நேரம் வசதி? எனக்கு ராத்திரி எட்டரைக்கு மேல் சரியா இருக்கும், ஒரு அரை மணி நேரம் போதும். அந்த நேரத்துல தனியா பேச முடியும்னா நல்லது."

கடைசி வரி முக்கியம். பெண்கள் பலர் ஹாலில் அம்மா, அத்தை எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது பேச வேண்டிவருகிறது, சில பையன்கள் வீட்டிலும் அதுதான் நிலைமை. எதைக் கேட்டாலும் "ம்", "ஆமா", "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றே வந்தால் ஆளுக்குப் பேச்சு வராது என்று முடிவு கட்டாதீர்கள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அப்புறமா பேசலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்றாவதாக வந்த வரனிடம் நான் இதைக் கேட்கவில்லை, ஊமை மாதிரி இருக்கிறார் என்று வேண்டாம் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கு அப்பாவோடு காரில் இருந்திருக்கிறார், போன் காரின் ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. மாசக்கணக்கில் கழித்துத் தெரிந்தது.

முதல் கால்: அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்

ஆரம்பிக்க நான் கண்டுபிடித்ததிலேயே நல்ல கேள்வி, "உங்க பயோடேட்டாவை யார் எழுதினாங்க?" என்பதுதான். பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ தங்கையோ எழுதியிருப்பார்கள். சித்தி மகள் இதைக் கேட்டபோது அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "என் தங்கச்சிங்க. அதுல ஹாபி புக்ஸ் படிக்கிறதுன்னு போட்டிருப்பா, நான் பேப்பர்கூட முழுசா படிக்க மாட்டேன். லீவு நாள்ல பைக்கைப் பிரிச்சுப் போட்டு சர்வீஸ் பண்ணிட்டிருப்பேன்." ஒரே பதிலில் மூன்று விஷயம் வந்துவிட்டது. தங்கையோடு நெருக்கம், பொய்யைத் தாங்கிப் பிடிக்காத குணம், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்பது. அவளும் தன் பக்கத்தைச் சொன்னாள்: "சமையல் நல்லாத் தெரியும்னு எங்க அம்மா எழுதியிருப்பாங்க. சாதம், ரசம், முட்டை பொரியல் வரும், அதுக்கு மேல இன்னும் வரல."

அதுதான் முறை. ஒன்றைக் கேட்டால் அதே விஷயத்தில் உங்களுடையதையும் சொல்லிவிடுங்கள், முடிந்தால் முதலில் உங்களுடையதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வரிசையாகக் கேள்வி மட்டும் கேட்டால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும், எதிராளி மார்க் வாங்கும் பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

முதல் காலில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கல்யாணம் அவருக்கு வேண்டுமா, வீட்டுக்காகத் தலையாட்டுகிறாரா? நேராக "விருப்பமா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் வரும். "கல்யாணம் பண்ணலாம்னு வீட்ல எப்ப பேச்சு வந்துச்சு, நீங்க அப்ப என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள். நான் பேசிய ஒருவர் இதற்கு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க, அதான்" என்றார். வேறு யாரையோ மனதில் வைத்திருந்தார், மெதுவாகச் சொல்லியும்விட்டார். அவர் பெயர் வெளியே வராமல், என் பக்கமிருந்தே வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நீங்களும் அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள், பெண்ணாக இருந்தால் அவளுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அரை மணி ஆனதும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் முடித்துவிடுங்கள். "ஞாயித்துக்கிழமை மறுபடி பேசலாமா?" என்று நாளையும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது கால்: கோடு போட்ட மூன்று வரி

இங்கேதான் நேரம் எடுத்துப் பேச வேண்டும், சித்தி மகள் எதை எப்படிக் கேட்டாள் என்று அப்படியே சொல்கிறேன்.

வேலையைப் பற்றி அவள் கேட்டது: "நேத்து எத்தனை மணிக்கு ரூமுக்கு வந்தீங்க?" அவர், "நேத்தா? காலைல ஏழு மணிக்கு. இந்த வாரம் நைட்" என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட், பயோடேட்டாவில் அந்தப் பேச்சே இல்லை. "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டிருந்தால் "நல்லா போகுதுங்க" என்று முடிந்திருக்கும். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை, "நைட் வாரத்துல சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி?" என்று கேட்டாள். கல்யாணம் ஆனால் தெரியாத ஊரில் அந்த வாரங்களில் ராத்திரி தனியாக இருக்கப்போவது அவள்தான். பக்கத்து போர்ஷனில் ஹவுஸ் ஓனர் குடும்பம் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

பிறகு அவள் டி.ஆர்.பி.யைச் சொன்னாள். பாஸ் ஆனால் போஸ்டிங் எந்த மாவட்டத்தில் விழும் என்று சொல்ல முடியாது, கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே கிடைக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. "வேலைக்குப் போக விடுவீங்களா?" என்று அவள் கேட்கவில்லை, அப்படி யாரும் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. "கேக்கறது" அவள், "விடறது" அவர் என்று முதல் நாளே ஆகிவிடுகிறது. அவள் கேட்டது, "எனக்கு ராமநாதபுரத்துல போஸ்டிங் வந்தா நாம என்ன பண்ணுவோம்?" அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "தெரியலைங்க, யோசிக்கணும்" என்றார். "தெரியலை" என்பது நல்ல பதில். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பதுதான் பயப்பட வேண்டிய பதில், ஏனென்றால் பெரும்பாலும் அதற்கு "நீ வேலையை விட்டுடுவ" என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, ஒரு வருஷம் தனித்தனியாக இருந்து மாறுதல் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கவில்லை என்றால் மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்றார்.

பணம். 9.6 லட்சம் என்றால் மாசம் எண்பதாயிரம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். அது சி.டி.சி., கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வருஷக் கடைசியில் வரலாம் வராமலும் போகலாம் என்கிற வேரியபிள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அவள் முதலில் தன் கணக்கைச் சொன்னாள், கைக்கு 24,000, சீட்டு 5,000, வீட்டுக்கு 8,000. அதன்பிறகு அவருடையது வந்தது: கைக்கு 66,000, வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 22,000, அப்பாவுக்கு 10,000, ரூம் வாடகை 9,000. சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் முன்னால் மிச்சம் 25,000. சொந்த வீடு உண்மையில் சொந்தமாவதற்கு இன்னும் 11 வருஷம் இருந்தது. தங்கை கல்யாணம் அடுத்த வருஷம், நகை கொஞ்சம் சேர்த்தாகிவிட்டது, மண்டபச் செலவு அவர் தலையில். இதில் எதுவும் குறையில்லை. எண்பதாயிரம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தால் ஆறாவது மாசம் சண்டை வந்திருக்கும்.

அவர் சொல்ல மறுத்தால்? முதல் காலில் மறுத்தால் தப்பே இல்லை. நீங்கள் உங்களுடையதைச் சொன்ன பிறகும், மூன்றாவது பேச்சிலும், "அதெல்லாம் பெரியவங்க பேசிப்பாங்க" என்றே வந்தால் கடன் இருக்கலாம், அல்லது பணத்தைப் பற்றி உங்களிடம் பேசும் பழக்கமே அந்த வீட்டில் வராது. இரண்டில் எது என்று கேட்டுத் தெளியாமல் சரி சொல்ல வேண்டாம்.

வாய் வராத விஷயங்கள்

சீர், நகை. "நாங்க எதுவும் கேட்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்ற வசனத்தை எல்லாரும் கேட்டிருப்போம், அதற்குள் எத்தனை பவுன் இருக்கிறது என்பது நிச்சயத்துக்கு அப்புறம்தான் தெரியும். பையனிடமே கேளுங்கள்: "உங்க வீட்ல கடைசியா நடந்த கல்யாணத்துல சீர் எப்படி நடந்துச்சு?" அண்ணிக்கு நடந்ததுதான் உங்களுக்கும் எதிர்பார்ப்பாக இருக்கும். 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது, கொடுப்பது, கேட்பது மூன்றுமே குற்றம். அவர் "எங்க அம்மா அப்படித்தான், நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றால், நாளைக்கு வேறு விஷயத்திலும் இதே பதில்தான் வரும்.

உடம்பு. தினமும் சாப்பிடும் மாத்திரை, நடந்த ஆபரேஷன், தைராய்டு, பி.சி.ஓ.டி., வலிப்பு, மனநல சிகிச்சை, எதுவாக இருந்தாலும் நிச்சயத்துக்கு முன்னால் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். வீட்டில் "சொல்லாதே, கல்யாணம் நின்னுடும்" என்பார்கள். தெரிந்து நிற்கட்டும். முக்கியமான விஷயத்தை ஏமாற்றி மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, அந்த நிலைக்கு யாரும் போக வேண்டாம். எதை மறைத்தால் சட்டம் அப்படிப் பார்க்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும், ஆனால் கூட வாழப்போகிறவருக்கு எல்லாமே முக்கியம்தான்.

பழைய காதல். இரண்டு பக்கமும் கேட்கத் துடிக்கும், பயப்படவும் செய்யும். பெயர், ஊர், எவ்வளவு தூரம் போனது என்கிற விசாரணை யாருக்கும் தேவையில்லை. தெரிய வேண்டியது அது முடிந்துவிட்டதா, இப்போதும் பேச்சு இருக்கிறதா என்பது மட்டும்தான். அதை ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டு அவரைக் கேளுங்கள். அதற்கு மேல் தோண்டித் தோண்டிக் கேட்கிறவர், போட்டோ கேட்கிறவர், பாஸ்வேர்டு கேட்கிறவர் கல்யாணத்துக்கு அப்புறம் மாறிவிடுவார் என்று நம்பாதீர்கள், நான் பார்த்தவரை யாரும் மாறவில்லை.

குடி, குழந்தை, சாப்பாடு, சாமி எல்லாவற்றுக்கும் அதே வழிதான், கடைசியாக எப்போது என்று கேளுங்கள். "குடிப்பீங்களா?" என்றால் "அக்கேஷனல்" என்று வரும். "கடைசியா எப்ப?" என்றால் "போன சனிக்கிழமை" என்று வரும்.

நேரில்

கோயிலோ காபி கடையோ, ஆள் நடமாட்டம் உள்ள இடம், ஒரு மணி நேரம், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். புதிதாகப் பேச எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லை. சர்வர் ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்து வைத்தால் அவரிடம் எப்படிப் பேசுகிறார், நீங்கள் மாற்றுக் கருத்து சொன்னால் முகம் என்ன ஆகிறது, அம்மா போன் செய்தால் எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். உங்களையும் பாருங்கள். தோள் இறுகிப்போய், அளந்து அளந்து பேசுகிறீர்களா, இல்லை ஒரு கட்டத்தில் மணி பார்க்க மறந்தீர்களா?

எங்கே கெட்டுப்போகிறது

அதிகமாகக் கெட்டுப்போவது ராத்திரி நேர சாட்டில்தான். இரண்டு கால் நன்றாகப் போயிருக்கும், மூன்றாம் நாளிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி வரை மெசேஜ், ஒரு வாரத்தில் "சாப்டியா" வந்துவிடும், செல்லப் பெயர் வந்துவிடும். தெரிய வேண்டியது எதுவும் தெரிந்திருக்காது, ஆனால் பழகிப்போயிருக்கும். அதற்கப்புறம் கடன் எவ்வளவு என்று கேட்க மனசு வராது. என் மாமா பையன் இப்படித்தான் 20 நாள் பேசினான். பெண்ணுக்குக் கனடா போய்விட வேண்டும் என்ற எண்ணம், இவனுக்கு அப்பாவின் கடையை விட்டு வர முடியாது. முதல் வாரமே இருவருக்கும் லேசாகத் தெரிந்திருக்கிறது, இருவரும் அதைத் தொடாமலே பேசியிருக்கிறார்கள். முறித்தபோது இரண்டு பேருக்குமே உண்மையான வலி. பதில் சொல்லும் வரை நாள் குறித்து போனில் பேசுங்கள், நடுவில் மெசேஜ் வேண்டாம்.

பிறகு, யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், பணம் கேட்டால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். வீட்டாருக்கும் உடனே சொல்லுங்கள். கஸ்டம்ஸில் பார்சல் மாட்டியிருக்கிறது, அக்கவுண்ட் முடங்கிவிட்டது என்று கதை எதுவாகவும் இருக்கும்.

பதில் சொல்வது

சரி என்று தோன்றினாலும், வீட்டில் சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு தடவை, "நான் எங்க வீட்ல சரின்னு சொல்லப்போறேன், உங்களுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டுவிடுங்கள். சித்தி மகள் கேட்டதற்கு அவர் ஒரு நாள் டைம் கேட்டார், தங்கையிடம் பேசிவிட்டு மறுநாள் சரி என்றார். கல்யாணம் ஆவணியில் நடந்தது, டி.ஆர்.பி. முடிவு அப்போது வந்திருக்கவில்லை.

வேண்டாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பதில் போடாமல் அப்படியே விட்டுவிடுவது ரொம்பக் கொடுமை, அந்த வீட்டில் ஒரு அம்மா தினமும் "ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் அந்த ஆளிடம் சொல்லுங்கள், அன்றைக்கே வீட்டிலும் சொல்லுங்கள், தரகர் வழியாக வேறு காரணம் போய்ச் சேரும் முன்னால். காரணம் ஒன்று போதும், நிறமோ உயரமோ குடும்பமோ வாயில் வரவே வேண்டாம், அதெல்லாம் போட்டோவிலேயே தெரிந்ததுதானே. நான் நான்காவது வரனுக்கு அனுப்பியது இதுதான்:

"உங்ககூட பேசினது நல்லா இருந்துச்சு. ஆனா நீங்க சென்னையை விட்டு வர முடியாதுன்னு தெளிவா சொன்னீங்க, எனக்கு அம்மாவை விட்டு மதுரையிலிருந்து வர முடியாது. அதனால நான் வீட்ல வேண்டாம்னு சொல்லப்போறேன், உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு நினைச்சேன். ஜாதகமும் போட்டோவும் எங்க யார் போன்லயும் இருக்காம இன்னைக்கே டெலீட் பண்ணச் சொல்லிடுறேன்."

"நன்றிங்க, நானும் பண்ணிடுறேன்" என்று பதில் வந்தது. சித்தப்பா போனிலும் ஃபேமிலி குரூப்பிலும் இருந்ததைத் தேடி அழிக்க ராத்திரி பத்தரை ஆனது.